காலையில ஒரு கணக்கு, அந்திக்கு ஒரு கணக்கு: அக்கா அனுப்புற காசுக்கு நடுவுல என்ன நடக்குது

கேள்வி: "அண்ணே, எங்க அக்கா அஜ்மான்ல வேல செய்றா, நாங்க பொகவந்தலாவ பக்கம் தோட்டத்துல இருக்கோம். காலையில வேலைக்கு வேன் ஏற முந்தி 1500 திர்ஹம் போட்டா 122,400 ரூபா வரும்னு போன்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. வேல முடிஞ்சி அந்திக்கு போய் அனுப்புனா 121,905 ரூபா தான். அதே 1500, அதே கட, அதே நாள். 495 ரூபா எங்க போச்சு? யாராவது எடுத்துட்டாங்களா?"

தம்பி, நான் எட்டு வருஷம் துபாய்ல ஒரு எக்ஸ்சேஞ்ச் கவுண்டர்ல இருந்துட்டு இப்ப ஹட்டன்ல ஒரு பேங்க்ல வெளிநாட்டு காசு வர்ற டெஸ்க்ல இருக்கேன், அதனால இதோட ரெண்டு முனையும் பாத்திருக்கேன். யாரும் திருடல. காலையில அக்கா பாத்தது அந்த நேரத்து வெல மட்டும் தான், அந்த வெலைக்கு அவ இன்னும் ஒண்ணும் வாங்கல. அந்திக்கு காசு கட்டி ரிசீட் எடுத்தா பாருங்க, அந்த நிமிஷம் தான் வெல முடிவாச்சு. ஆனா இப்பிடி சொல்லி விட்டா உங்களுக்கு பாதி தான் புரியும், அந்த 495ல எவ்வளவு கொழும்புல போச்சு, எவ்வளவு கடக்காரன் பாதுகாப்புக்கு புடிச்சான்னு பிரிச்சி பாக்கலாம், அத செய்வோம்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல வைங்க. திர்ஹத்துக்கும் நம்ம ரூபாவுக்கும் நேரா சந்த கெடையாது, நடுவுல டாலர் ஒண்ணு நிக்குது. அமீரகத்துல ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம்னு 1997ல இருந்து கட்டி வச்சிருக்காங்க, அது அசையாது. சவூதி ரியாலும் அப்பிடித்தான், 3.75. கட்டார் ரியால் 3.64. குவைத் தினார் மட்டும் 2007ல இருந்து பல நாட்டு காசு சேத்த ஒரு கூடையோட கட்டியிருக்கு, அதனால அது டாலர பாத்தும் கொஞ்சம் ஆடும். உங்க அக்கா இருக்கிறது அமீரகம், அதனால 1500 திர்ஹம்ங்கிறது எப்பவும் ஏறக்குறைய 408 டாலர் தான், காலையிலயும் 408, அந்திக்கும் 408. ஆடுறது டாலருக்கும் ரூபாவுக்கும் நடுவுல இருக்கிற வெல மட்டும் தான்.

இப்ப உங்க கணக்க எடுங்க. 122,400ஐ 1500ஆல பிரிச்சா 81.60. 121,905ஐ பிரிச்சா 81.27. இத டாலராக்க 3.6725ஆல பெருக்கணும்.

```
81.60 × 3.6725 = 299.68
81.27 × 3.6725 = 298.46
```

அப்ப காலையில அந்த கட உங்களுக்கு ஒரு டாலருக்கு 299 ரூபா 68 சதம் குடுக்க தயாரா இருந்திச்சு, அந்திக்கு 298 ரூபா 46 சதம். வித்தியாசம் 1 ரூபா 22 சதம். அத 408 டாலரால பெருக்குனா கிட்டத்தட்ட உங்க 495 வந்துரும். இந்த பெருக்கல செஞ்சி பாக்காம தான் நெறய பேர் "33 சதம் கொறஞ்சதுக்கா இவ்வளவு"ன்னு குழம்புறாங்க, 33 சதம் ஒரு திர்ஹத்துக்கு, டாலருக்கு பாத்தா அது ஒரு ரூபாவ தாண்டிருது.

சரி, ஒரே நாள்ல அந்த 1 ரூபா 22 சதம் ஏன் விழுந்திச்சு? இதுக்கு அந்த கட ரூபாவ எங்க வாங்குதுன்னு தெரியணும்.

எக்ஸ்சேஞ்ச் கடைக்கு இங்க ஒரு இலங்கை பேங்க்ல ரூபா கணக்கு இருக்கும். அக்கா கட்டுன திர்ஹம் ப்ளேன் ஏறி வர்றதில்ல, அது அங்கயே இருக்கும், இங்க இருக்கிற அந்த ரூபா கணக்குல இருந்து தான் உங்களுக்கு காசு வருது. அந்த கணக்குல ரூபா தீரத்தீர கட டாலர் வித்து ரூபா வாங்கி நெரப்பணும். அதுக்குன்னு கடையோட ஹெட் ஆபீஸ்ல ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, டீலிங் ரூம்னு சொல்லுவோம். காலையில கொழும்பு பேங்குக்கு கதச்சி "இன்னைக்கு இவ்வளவு டாலர் தர்றோம், என்ன வெல"ன்னு கேட்டு ஒரு லாட் ரூபா வாங்குவாங்க. அந்த வெலையில தங்கட லாபத்த கழிச்சிட்டு போர்டுல போடுவாங்க, ஆப்லயும் அது தான் போகும். அந்த லாட் மத்தியானத்துக்குள்ள தீந்தா திரும்ப வாங்கணும், அப்ப கொழும்புல என்ன வெலையோ அது தான். நுவரெலியாவுல விடிய லொறி நெறைய கேரட் வாங்குன யாவாரி காலையில ஒரு வெலைக்கு விப்பான், அது முடிஞ்சி பதினொரு மணிக்கு ரெண்டாவது லாட் எடுத்தான்னா அந்த வெலைய வச்சி தான விப்பான், அதே மாதிரி தான்.

கொழும்புல டாலர் வெல பேங்குகளுக்கு நடுவுல நாள் பூரா ஆடும். எண்ணெய் கப்பலுக்கு காசு கட்டணும்னு யாராவது பெரிய தொகை டாலர் தேடுனா ஏறும், ஆடை பேக்டரிக்காரங்க சம்பளம் போட டாலர் வித்தா எறங்கும், சித்திர வருஷத்துக்கு தீபாவளிக்கு முந்தி வெளிநாட்டுல இருந்து எல்லாரும் ஒண்ணா அனுப்புறப்போ டாலர் கூட வர்றதால எறங்குறதும் உண்டு. டாலர் எறங்குனா ரூபா பலமாகுது, பேப்பர்ல நல்ல செய்தியா போடுவாங்க, உங்க வீட்டுக்கு மட்டும் அன்னைக்கு கொறஞ்சி வரும். டாலர் ஏறுன நாள்ல அந்திக்கு கூடவும் வரும், அப்ப யாரும் கேள்வி கேக்கிறதில்ல.

இதுக்கு முந்தி ஏன் இப்பிடி தெரியலன்னு உங்க அம்மா அப்பா கேப்பாங்க. 2022 மார்ச் வரைக்கும் சில மாசமா டாலர 200 ரூபா கிட்டயே புடிச்சி வச்சிருந்தாங்க, அதனால காலையும் அந்தியும் ஒரே கணக்கு. அந்த மார்ச்ல விட்டாங்க, மே மாசத்துல 360 கிட்ட வந்து நின்னிச்சு. அதுக்கப்புறமும் மத்திய வங்கி தினமும் ஒரு நடு வெல சொல்லி, அதுக்கு மேல கீழ கொஞ்சம் தான் போகலாம்னு ஒரு கட்டு வச்சிருந்திச்சு, அந்த கட்டையும் 2023 மார்ச் 7ஆம் திகதி எடுத்துட்டாங்க. அந்த வாரம் நான் துபாய்ல கவுண்டர்ல இருந்தேன். 360 கிட்ட இருந்த டாலர் சில நாளுக்குள்ள 330க்கும் கீழ போச்சு, ஒரே நாள்ல மூணு நாலு தடவ போர்ட மாத்துனோம், மஸ்கெலியாவுல இருந்து வந்த ஒரு அக்கா வரிசையில நிக்கும் போதே வெல எறங்கிட்டு, அவ என் மூஞ்சிய பாத்த பார்வ இன்னும் மறக்கல. மகளோட ஸ்கூல் செலவுக்கு கணக்கு போட்டு கொண்டு வந்திருந்தா. அவளுக்கு அன்னைக்கு எனக்கு விளங்கப்படுத்த நேரம் இருக்கல, அதனால தான் இப்ப உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இப்ப உங்க கேள்வியில முக்கியமான எடத்துக்கு வர்றேன், நேரம். அஜ்மான் நேரம் நம்மளுக்கு ஒண்ணர மணித்தியாலம் பின்னுக்கு. அக்கா வேன் ஏற முந்தி, அவ நேரம் ஆறு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தா இங்க ஏழரை மணி. கொழும்புல பேங்க் டீலர்மார் இன்னும் உக்காரல. அப்ப அவ போன்ல தெரிஞ்சது புது வெலயே இல்ல, முந்தின நாள் முடிஞ்ச வெல. மத்திய வங்கி, பேங்குகளோட டாலர் வாங்கும் விக்கும் வெலையோட சராசரிய அவங்க வெப்சைட்ல போடுறதே காலை 9.30 மணி நெலவரத்த வச்சி தான், அது அஜ்மான்ல எட்டு மணி. எட்டர, ஒம்போதுக்கு அப்புறம் தான் அங்க கடைங்க அன்னைக்கு உண்மையான வெலைய போடும். அதனால விடிய பாத்த நம்பர வச்சி அந்தி நம்பர ஒப்பிட்டா, நீங்க நேத்து வெலயையும் இன்னைக்கு வெலயையும் ஒப்பிடுறீங்க.

அந்தி பக்கம் இன்னொண்ணு இருக்கு. அக்கா வேல முடிஞ்சி குளிச்சி கடைக்கு போறப்போ அவ நேரம் ஏழு மணின்னா இங்க எட்டரை. கொழும்புல எல்லாம் மூடியாச்சு. அந்த நேரத்துல கட அவகிட்ட வாங்குற திர்ஹத்துக்கு ரூபா எடுக்கணும்னா நாளைக்கு காலையில தான் எடுக்க முடியும், நாளைக்கு என்ன வெலன்னு அவனுக்கும் தெரியாது. கையில காலை லாட் ரூபா மிச்சம் இருந்தா கவலப்பட மாட்டான், தீந்துருச்சின்னா ராத்திரிக்கு வெல மாறி நட்டம் வந்துரக்கூடாதுன்னு சில கடைங்க சில சதம் கொறச்சி போடும். கொழும்பு மூடியிருக்கிற நேரம் நீண்டா இந்த கொறப்பும் கூடும். சனி ஞாயிறு, அப்புறம் இங்க போயா வர்ற நாள், இதுல இன்னும் கொஞ்சம் கொறச்சி வப்பாங்க. இத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா வாடிக்கையாளருக்கு யாரும் இத சொல்றதில்ல, அது தான் எனக்கு கோவம்.

அப்ப உங்க 495ஐ பிரிப்போம். அன்னைக்கு முந்தின நாள் முடிவுக்கும் அன்னைக்கு முடிவுக்கும் கொழும்பு வெல 70 சதம் எறங்கியிருந்திச்சின்னு வைங்க, 408 டாலருக்கு 286 ரூபா. மிச்சம் 209 ரூபா அந்தி நேரத்துக்கு கட கூட்டிகிட்ட பாதுகாப்பு. உண்மையான 70 சதமா வேற எதுமான்னு நீங்களே பாக்கலாம், மத்திய வங்கி வெப்சைட்ல அன்னைக்கு காலை டாலர் வெலையும் அடுத்த நாள் காலை வெலையும் எடுத்து கழிச்சி பாருங்க, ஏறக்குறைய தெரிஞ்சிரும். கொழும்பு வெல அசையவே இல்ல, ஆனா உங்களுக்கு 1 ரூபா 22 சதம் கொறஞ்சிருக்குன்னா அது பூரா கட எடுத்தது, அப்ப அடுத்த தடவ பக்கத்து கடையில விசாரிக்க சொல்லுங்க.

இதுல ஒரு சின்ன பொறி இருக்கு, நெறய பேர் இதுல தடுமாறுறாங்க. சில போர்டுல, ஆப்ல வெலைய திருப்பி போடுவாங்க, ஒரு ரூபாவுக்கு எத்தன திர்ஹம்னு. 81.60 அப்பிடி போட்டா 0.012255, 81.27 போட்டா 0.012305. நம்பர் ஏறுது, உங்க ரூபா எறங்குது. அக்கா "அந்திக்கு ரேட் கூடிருச்சி, நல்லது"ன்னு நெனச்சி அனுப்பியிருந்தா அதிசயமில்ல. எப்பிடி போட்டிருந்தாலும் ரூபா எவ்வளவு கையில வரும்ங்கிற ஒரு வரிய மட்டும் பாக்கச் சொல்லுங்க, ரிசீட்ல அது `Payout Amount`ன்னோ `Receive Amount`ன்னோ இருக்கும்.

இவ்வளவும் ரூபாவா அனுப்புன காசுக்கு. உங்க அக்காவோடது அப்பிடித்தான் இருக்கணும், ஏன்னா நீங்க 121,905ன்னு ரூபாலயே தொகை சொல்லியிருக்கீங்க. ரிசீட்ல `LKR`ன்னு போட்டு தொகை இருந்தா அந்த தொகை முடிஞ்ச வெல, அதுக்கப்புறம் டாலர் விழுந்தாலும் ஏறுனாலும் உங்களுக்கு வர்றது மாறாது. இப்ப பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குள்ளயே கணக்குல விழுந்துரும்.

ஆனா உங்க லயத்துலயே இன்னொரு வீட்டுக்கு வேற மாதிரி வரலாம், அத சொல்லாம விட்டா அவங்களோட ஒப்பிட்டு குழம்புவீங்க. சிலர் அங்க சம்பளக் கணக்கு இருக்கிற பேங்க்ல இருந்தே நேரா அனுப்புவாங்க, அது நெறய நேரம் டாலரா கெளம்பும். அதுல வெல ரெண்டு எடத்துல முடிவாகுது. அங்க பேங்க் திர்ஹத்த டாலராக்கும் போது 3.6725க்கு குடுக்காது, 3.685ன்னு வச்சா 1500க்கு 407 டாலர். நடுவுல இன்னொரு பேங்க் வழியா வர்றப்போ அவன் ஒரு கூலி எடுப்பான், 15 டாலர்னு வைங்க, 392 மிச்சம். அது இங்க வந்து சேந்து உங்க கணக்குல போடுற அன்னைக்கு இங்க இருக்கிற பேங்க் வாங்குற வெல, `TT` பையிங் ரேட்னு சொல்லுவாங்க, அதுல மாத்தும். அது 297ன்னா 116,400 சொச்சம் தான் வரும். எக்ஸ்சேஞ்ச் கட அந்திக்கு குறைச்சி குடுத்ததவிட இது அஞ்சாயிரத்துக்கு மேல குறைவு. நடுவுல ஒரு போயா விழுந்தா ஒரு நாள் தள்ளியும் போகும், தள்ளிப்போன நாள் வெல தான் கணக்கு. இவங்க ரிசீட்ல ரூபா தொகையே இருக்காது, `USD`ன்னு தான் இருக்கும், காலையில போன்ல பாத்த ரூபா நம்பர் வெறும் மதிப்பு. கூலி யார் தலையில விழுதுன்னு பாக்க `OUR`, `SHA`, `BEN`ன்னு மூணுல ஒண்ணு போட்டிருக்கும், `OUR`னா அனுப்புறவ எல்லாத்தையும் அங்கயே கட்டிட்டா, `SHA`ன்னா அங்கத்து கூலி அவளுக்கு, வழியில எடுக்கிறது உங்களுக்கு, `BEN`னா எல்லாம் வர்ற காசுல இருந்து தான் போகும். என் டெஸ்க்குக்கு சண்ட புடிக்க வர்றவங்கள்ள பெரும்பாதி இந்த டாலர் வழி ஆட்கள் தான், பாவம், அவங்களுக்கு யாரும் இத சொல்லி அனுப்பல.

இன்னொண்ணும் சொல்லணும், நீங்க கேக்கல, ஆனா கணக்குல இது தான் பெருசு. கடைங்க போர்டுல போடுற வெலைக்கும் கொழும்பு உண்மை வெலைக்கும் நடுவுல எப்பவும் ஒரு இடைவெளி இருக்கும், காலையிலயும் இருக்கும். ஒரு திர்ஹத்துக்கு 50 சதம்னாலும் 1500க்கு 750 ரூபா. அதோட அனுப்புற கூலி, 22 திர்ஹமும் அதுக்கு 5 வீதம் வற் வரியும்னா 23 திர்ஹம் 10, நம்ம காசுல 1,877 ரூபா. நீங்க காலைக்கும் அந்திக்கும் நடுவுல 495க்கு தூக்கம் கெடுறீங்க, மாசா மாசம் இந்த ரெண்டாயிரத்து அறுநூறு சத்தமில்லாம போகுது. அக்கா மாசத்துல ரெண்டு தடவ 750 திர்ஹமா அனுப்புறான்னா கூலி ரெண்டு தடவ. ஒரே தடவையா அனுப்புனா மிச்சமாகுறது அந்தி வெல பாத்து மிச்சம் புடிக்கிறதவிட கிட்டத்தட்ட நாலு மடங்கு. அவசரம் இல்லாத மாசத்துல அப்பிடி செய்யச் சொல்லுங்க.

வெலைய காலையிலயே புடிச்சி வைக்க முடியுமான்னு கேப்பீங்க. முடியும், ஆனா காசு கட்டுனா தான். ஆப்ல வெல போட்டு பக்கத்துல நிமிஷம் ஓடுறது பாத்திருப்பா, அந்த நேரத்துக்குள்ள காசு கட்டி முடிச்சி ரெபரன்ஸ் நம்பர் வந்தா தான் அந்த வெல அவளோடது. பேங்க் கணக்குல இருந்து ஆப்புக்கு காசு போய் சேர நேரம் எடுத்தா, சில ஆப் சேர்ற நேரத்து வெலைக்கு மாத்திடும், அத மொத தடவ அனுப்ப முந்தி விதிமுறையில பாக்கணும். உங்க அக்காவுக்கு நல்ல நேரம்னா அவ மத்தியான சாப்பாட்டு நேரம், வேலை நாள்ல, அவ நேரம் பன்னெண்டு ஒண்ணு, இங்க ஒண்ணர ரெண்டர. கொழும்பு தொறந்திருக்கும், கடைக்கு பயம் கொறவு, நேத்து வெலயும் இல்ல. போன்ல இருந்தே அனுப்ப முடிஞ்சா அந்த நேரத்துல செய்யச் சொல்லுங்க. டாலர் நாளைக்கு ஏறும்னு காத்திருக்கச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க, அது டீலிங் ரூம்ல இருக்கிறவங்களுக்கே தெரியாது. அதுக்காக கூட தர்றான்னு உண்டியலுக்கும் போக வேணாம். டாலர கட்டி வச்சிருந்த காலத்துல அவன் கூட குடுத்தான், இப்ப அந்த இடைவெளி சுருங்கிட்டு, அது சட்டப்படியும் இல்ல, காசு வரலன்னா காட்ட ஒரு துண்டு ரிசீட்டும் இருக்காது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு தான். அக்காகிட்ட அந்த ரிசீட்ட போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லி, அதுல `LKR` பக்கத்துல இருக்கிற தொகைய உங்க பாஸ்புக்குல விழுந்த தொகையோட வச்சி பாருங்க. ரெண்டும் 121,905 தான்னா நான் மேல சொன்னது தான் கத, வேற ஒண்ணுமில்ல. ரிசீட்ல 121,905 இருந்து பாஸ்புக்குல அதவிட கொறஞ்சி விழுந்திருந்தா அது வெல மாத்தம் இல்ல, யாரோ நடுவுல ஒரு கட்டணம் எடுத்திருக்காங்க. அப்ப ரெபரன்ஸ் நம்பரோட கிளைக்கு போயி வந்த காசோட விபரத்த பிரிண்ட் எடுத்து தாங்கன்னு கேளுங்க, தரணும். பதில் சொல்லாம இழுத்தா எழுத்துல ஒரு முறைப்பாடு குடுத்து கொப்பி ஒண்ணு வச்சிக்கங்க, அதுக்கும் பதில் இல்லன்னா மத்திய வங்கியோட 1935 நம்பருக்கு எடுக்கலாம், தமிழ்ல கதைக்கலாமான்னு கேட்டுட்டே ஆரம்பிங்க. ரிசீட் போட்டோ வந்தோன தொகையையும் திகதியையும் மட்டும் எனக்கு எழுதுங்க, பேரு கணக்கு நம்பர் எல்லாம் மறச்சிருங்க, அன்னைக்கு கொழும்பு வெலயோட வச்சி பாத்து சொல்றேன்.